லோனியைப் படித்தபோது ராமானுஜனுக்குப் பதினொன்றா, பதின்மூன்றா? பள்ளிப் பதிவு என்ன சொல்கிறது?

கரும்பலகை:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 22 தேசிய கணித நாளுக்காக எங்கள் பள்ளியில் ராமானுஜனைப் பற்றிப் பத்து நிமிட நாடகம் போடுகிறோம். வசனம் எழுதுவது என் பொறுப்பு. கையில் மூன்று வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன, மூன்றும் சிறுவர்களுக்கானவை. லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை அவர் பதினோரு வயதில் கரைத்துக் குடித்தார் என்று ஒன்று சொல்கிறது. அடுத்தது பன்னிரண்டு என்கிறது, மற்றொன்று பதின்மூன்று என்கிறது. ஆய்லரின் சைன், கோசைன் வாய்பாடுகளைத் தானே கண்டுபிடித்ததும் பன்னிரண்டு வயதில்தான் என்று இரண்டு புத்தகங்களில் வருகிறது.

ஒத்திகையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், எனக்கும் பன்னிரண்டுதான். எனக்குப் பின்னமே தகராறாக இருக்கிறதே" என்று கேட்டாள். அவளுக்குப் பொய்யான வயதைச் சொல்லிவிடக் கூடாது. பள்ளிப் பதிவுகளை வைத்து இந்த வயதுகளைச் சரிபார்க்க வழி உண்டா?

காவிரிக்கரை:

டீச்சர் அம்மா, பதினொன்றோ பதின்மூன்றோ, அந்த மேதைக்கு அது ஒரு பொருட்டா? நான் கும்பகோணத்துக்காரன். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்து வளர்ந்தவன். கணக்கு ஒன்றைத் தவிர எல்லாப் பாடத்திலும் தோற்ற பிள்ளை உலகை வென்றது என்பதே எங்கள் ஊருக்குப் பெருமை. பள்ளிக்கூடம் அவரை மதிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக் காகிதத்தை வைத்தா அவரை அளப்பது? பன்னிரண்டு என்றே போடுங்கள், பெரும்பாலான புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது.

பதிவேட்டு அறை:

கல்வி அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும்தான் என் உலகம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கதையில் வரும் வயதை முதலில் தொடாதீர்கள். வயது என்பது கதை சொல்பவர் பிற்பாடு ஒட்டுவது. அந்தக் கதை எந்த வகுப்பில் நடந்ததாக முதன்முதலில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கூடப் படித்தவர்களுக்கு வயது மறந்துபோகும், வகுப்பு மறக்காது. "மூன்றாம் பாரத்தில் நடந்தது" என்பார்கள். பிறகு பதிவில் உறுதியான இரண்டு முனைகளைப் பிடித்து நடுவில் பாரங்களை அடுக்கினால் வயது தானாக வந்துவிடும்.

ராமானுஜனுக்கு இரண்டு முனைகளும் இருக்கின்றன. 1897 நவம்பரில் பிரைமரி தேர்வு எழுதித் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலாவதாக வந்தார், அதனால் பள்ளியில் அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. இது ஒரு முனை. 1903 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேறினார், 1904 ஜனவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இது மறு முனை. அன்றைக்குப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. நடுவில் 1898 முதல் 1903 வரை ஆறு ஆண்டுகள். முதல் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை ஆறு வகுப்புகள். இடைவெளியே இல்லாமல் பொருந்துகிறது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் வயது கூடும். ஆகவே ஆண்டிலிருந்து 1888-ஐக் கழித்தால் அந்தப் பள்ளி ஆண்டு முழுவதும் அவருக்கு இருந்த வயது கிடைத்துவிடும். மூன்றாம் பாரம் 1900, வயது 12. நான்காம் பாரம் 1901, வயது 13. ஐந்தாம் பாரம் 1902, வயது 14.

இப்போது மூலக் கதைக்கு வாருங்கள். சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு 1927-இல் வெளிவந்த ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. லோனியின் இரண்டாம் பாகத்தைப் பக்கத்து வீட்டு பி.ஏ. மாணவரிடம் இரவல் வாங்கிப் படித்தது நான்காம் பாரத்தில் என்கிறது அது. ஆய்லர் வாய்பாடு ஐந்தாம் பாரத்தில். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று வகுப்பில் எழுந்து கேட்டது மூன்றாம் பாரத்தில். ஆக, லோனிக்குப் பதின்மூன்று, ஆய்லருக்குப் பதினான்கு. பன்னிரண்டு என்பது பூஜ்யக் கேள்விக்கு மட்டுமே பொருந்தும்.

காவிரிக்கரை ஐயா, ஒரு சொல். கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றவர் என்பது பள்ளிக் காலத்துக்குச் சரியில்லை. பிரைமரி தேர்வில் தமிழ், ஆங்கிலம், புவியியல் எல்லாம் சேர்த்துத்தான் மாவட்ட முதலிடம். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த சுப்பிரமணியம் உதவித்தொகை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சிக்காகத் தரப்பட்டது. தோல்விகள் 1905 ஜனவரியில் வகுப்பு மாற்றம் மறுக்கப்பட்டதிலிருந்து தொடங்குகின்றன. அப்போது அவருக்குப் பதினேழு. கல்லூரித் தோல்வியைப் பள்ளிக்குள் தள்ளிவிட்டதால் வந்த குழப்பம் இது. பள்ளியும் அவரை மதிக்காமல் இல்லை. 1904-இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தபோது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே தர முடியுமானால் இவனுக்குத் தரலாம் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

காவிரிக்கரை:

தோல்வி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வந்தேன், மாவட்ட முதலிடத்தை நானே கொண்டாடியிருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் வயதில் ஒரு சந்தேகம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் இரட்டை வகுப்பு மாற்றம் கொடுப்பார்களே? இரண்டாம் பாரத்திலிருந்து நேரே நான்காம் பாரத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தால் லோனிக்குப் பன்னிரண்டு ஆகிவிடுமே?

பதிவேட்டு அறை:

நல்ல கேள்வி. பல வாழ்க்கை வரலாறுகளைச் சோதிக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வியும் இதுதான். ஒரு முனையை மட்டும் பிடித்துக் கணக்கிட்டால் இரட்டை மாற்றத்தில் ஏமாந்துவிடுவோம். இரண்டு முனைகளையும் பிடிப்பது அதற்காகத்தான். ஆறு ஆண்டில் ஆறு வகுப்பு. ஒரு வகுப்பைத் தாண்டியிருந்தால் வேறொரு வகுப்பில் ஓராண்டு தங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 1902 டிசம்பரிலேயே மெட்ரிகுலேஷன் எழுதியிருப்பார். தங்கினார் என்று யாரும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஏழு வயதிலேயே கும்பகோணம் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் அங்கேயே படித்தார் என்று, பிற்பாடு அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி சொல்கிறார். வேறு வரலாறுகள் தொடக்கப் பள்ளியில் படித்துவிட்டு 1898 ஜனவரியில்தான் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார் என்கின்றன. பாரக் கணக்கை இது பாதிக்காது. பிரைமரி தேர்வு முடிந்த பிறகுதான் முதல் பாரம், அந்தத் தேர்வின் ஆண்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "ஏழு வயதிலேயே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்" என்ற வரியை மட்டும் பிய்த்தெடுத்தால் பெரிய அதிசயம் போலத் தெரியும். அப்படி எடுத்தவர்களும் உண்டு.

மழலைத் தமிழ்:

என் மகனுக்கு ஆறு வயது. இருபதாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்கிறான், மூன்றிலக்கப் பெருக்கல் மனத்திலேயே செய்கிறான். மூன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொன்னால், பதிவில் வயது இடிக்கிறது என்று பள்ளியில் மறுக்கிறார்கள். இங்கே பதிவேடு தெரிந்தவர் இருப்பதால் கேட்கிறேன். இதற்கு ஏதாவது சோதனை எழுதிச் சான்று வாங்க முடியுமா?

பதிவேட்டு அறை:

அம்மா, இங்கே பேசுவது நூறு ஆண்டுக்கு முந்தைய கதைகளைப் பற்றி. வகுப்பில் சேர்க்கும் விதிகளை உங்கள் வட்டாரக் கல்வி அலுவலரிடம்தான் கேட்க வேண்டும். பையன் போடும் கணக்குகளை ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு வையுங்கள். எவ்வளவு சின்ன விஷயமானாலும் அன்றன்று எழுதிய தேதி பிற்பாடு நினைவிலிருந்து சொல்வதைவிட உறுதியானது. குழந்தைக்கு என் ஆசிகள்.

ரயிலடி:

எங்கள் வீட்டிலும் இப்படியொரு கதை இருந்தது. தாத்தா பதின்மூன்று வயதில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் என்று பாட்டி காலத்திலிருந்து பெருமை. அவர் மறைந்தபின் பெட்டியில் அவருடைய சான்றிதழ் கிடைத்தது. பிறந்த தேதி ஜூன் 1. கணக்குப் போட்டால் பதின்மூன்றும் சில மாதங்களும் வந்தன. சான்றிதழே சொல்லிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

பிறகு அவருடைய ஜாதகம் கிடைத்தது. ஓலையில் இருந்த ஆண்டை ஆங்கில ஆண்டுக்கு மாற்றினால் இரண்டு வயது கூடுதல். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்துக்கொண்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஒரு தேதியை வாத்தியார் எழுதிவிடுவார். தாத்தா குள்ளம். ஏழு வயதில்தான் அவருக்குக் காது எட்டியிருக்கிறது. பதினைந்து வயதில் முடித்தவர் பதிவில் பதின்மூன்று ஆகிவிட்டார். அவரை அதனால் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் பள்ளிப் பதிவே பொய் சொல்லும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ராமானுஜன் விஷயத்தில் பிறந்த தேதி சரி என்று எப்படி நம்புவது?

பதிவேட்டு அறை:

பதிவேட்டை எடுத்தவுடன் நான் பார்ப்பதும் இதைத்தான். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் 1 என்றால் அந்தப் பத்தியை நம்பக் கூடாது. உத்தியோகத்துக்காக வயதைக் குறைத்து எழுதியதும் உண்டு. இப்படிக் குறைத்த வயதே பிற்பாடு குழந்தை மேதைக் கதைக்கு விதையாகிவிடுகிறது.

ராமானுஜன் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் மதிப்பாகப் போட்ட தேதி இல்லை. ஈரோட்டில் தாயின் பிறந்தகத்தில், நாளும் நேரமும் குறித்து ஜாதகம் எழுதும் குடும்பத்தில் பிறந்தார். அம்மா கோமளத்தம்மாளுக்கு ஜாதகத்தில் மிகுந்த நம்பிக்கை. ஆகவே 1887 டிசம்பர் 22 உறுதியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "பதின்மூன்றாவது வயதில்" என்று நம் பெரியவர்கள் சொன்னால் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது என்று பொருள். அடுத்தவர் அதைப் "பதின்மூன்று வயதில்" என்று எழுதுவார், ஒன்று கூடிவிடும். வேறொருவர், உண்மையிலேயே முடிந்த பதின்மூன்றையும் நடப்பு வயதாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒன்றைக் குறைத்துப் பன்னிரண்டு என்பார். முடிந்த வயதிலிருந்து ஒன்று குறைந்துவிடும். கை மாறும்போது இப்படி ஒரு வயது கூடுவதையும் குறைவதையும் நான் பல நினைவு மலர்களில் பார்த்திருக்கிறேன்.

சுழியம்:

கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். வயதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கதைகளின் வரிசையில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

லோனியின் புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகம் முக்கோணம், உயரம், தூரம் என்று பள்ளித் திரிகோணமிதி. இரண்டாம் பாகம் பகுமுறைத் திரிகோணமிதி. கலப்பெண்களும் அடுக்குத் தொடரும் அதில்தான் வருகின்றன. சைன், கோசைன்களை அடுக்குச் சார்புகளாக எழுதும் ஆய்லர் வாய்பாடு அந்த இரண்டாம் பாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது 1927 குறிப்பைப் பாருங்கள். நான்காம் பாரத்தில் லோனி இரண்டாம் பாகத்தின் எல்லாக் கணக்கையும் உதவியில்லாமல் போட்டு முடித்தார். ஐந்தாம் பாரத்தில் ஆய்லர் வாய்பாட்டைத் தானாகவே கண்டுபிடித்தார். அது ஏற்கனவே தெரிந்த ஒன்று என்று பிறகு அறிந்து, எழுதிய தாளை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார். முந்தைய ஆண்டே படித்து முடித்த புத்தகத்தில் இருந்ததை மறு ஆண்டு எப்படிப் புதிதாகக் கண்டுபிடிக்க முடியும்?

1936-இல் ஹார்வர்டில் பேசியபோது ஹார்டி இந்தக் கதையை வேறு வரிசையில் சொன்னார். முதலில் கண்டுபிடிப்பு, பிறகு லோனியின் இரண்டாம் பாகத்தைப் பார்த்து ஏமாற்றம். இது தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அப்படியானால் கண்டுபிடிப்பு நான்காம் பாரத்துக்குள் வந்தாக வேண்டும், அல்லது லோனி ஐந்தாம் பாரத்துக்குத் தள்ளிப்போக வேண்டும். இரண்டு பாரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு கதையைக் காப்பாற்ற முடியாது.

டீச்சர் கேட்ட பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு அந்த உரையில் தெரிவதாகத் தோன்றுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் இவன் சாதாரணப் பையன் இல்லை என்று கண்டுகொண்டார்கள் என்கிறார் ஹார்டி. அதற்கு அடுத்தாற்போல் ஆய்லர் கதை வருகிறது. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தவர் வயதைக் கதையோடு ஒட்டியிருப்பார். இது என் ஊகம்தான். ஆனால் ஹார்டி அந்தக் கதையைத் தன் பொறுப்பில் சொல்லவில்லை, வரலாறு எழுதியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்றே சொல்கிறார்.

இன்னொரு சிறு உதாரணம். மேல் வகுப்புத் தோழர் ஒருவர் இரண்டு சமன்பாடுகளைக் கொடுக்க, ராமானுஜன் அரை நிமிடத்தில் விடை சொன்னார் என்று ஒரு கதை:

```
√x + y = 7
x + √y = 11
```

முறைப்படி நீக்கினால் நான்காம் படிச் சமன்பாடு வரும். அதனால்தான் இதைக் கேட்டதும் வியக்கிறார்கள். ஆனால் விடை முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் பையனுக்கு y-க்கு 1 அல்லது 4 மட்டுமே இடம், ஏனென்றால் அது ஏழுக்குள் அடங்கும் வர்க்க எண். நான்கைப் போட்டால் √x மூன்று, x ஒன்பது. ஒன்பதும் இரண்டும் பதினொன்று. முடிந்தது. நடந்திருக்கவே முடியும். கூர்மையான பையன் என்பதற்கு அது சான்று, அதற்கு மேல் அதன் மீது எதையும் ஏற்ற முடியாது.

நேர்கோடு:

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதை என்று நேராகச் சொல்லிவிடலாமே? பிரைமரிப் பள்ளியில் ஒரு கணக்குத் தேர்வில் ராமானுஜன் 45-க்கு 42, சாரங்கபாணி என்ற தோழன் 43. ஒரு மதிப்பெண் குறைந்ததற்காக ராமானுஜன் அழுதுவிட்டாராம். வகுப்பிலேயே முதலாவதாக இல்லாதவரைக் குழந்தை மேதை என்பது எப்படி? பதிவு தெளிவாகத்தானே இருக்கிறது?

பதிவேட்டு அறை:

தம்பி, அது பதிவு இல்லை. தோழர் பிற்காலத்தில் சொன்ன நினைவு. நாயகனுக்குப் பெருமை சேர்க்காத நினைவு என்பதால் நான் அதைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன். அவ்வளவுதான்.

மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டாலும், தேர்வு எதைக் கேட்டதோ அதைத்தான் அளக்கும். பத்து வயதுப் பையனிடம் கேட்டது வட்டியும் பின்னமும். 42-க்கும் 43-க்கும் நடுவே ஒரு கவனக்குறைவு இருக்கும், மேதைமை இருக்காது. மெட்ரிகுலேஷன் வினாத்தாளில் ஆய்லருக்கு இடமே இல்லை. கதையில் வரும் வயது, வகுப்பு, தோல்வி, பரிசு, கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைப் பள்ளிப் பதிவு சோதிக்கும். கூரையில் ஒளித்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று அது சொல்லாது.

சுழியம்:

ஆமாம். அமெரிக்கக் குழந்தை மேதை வில்லியம் சிடிஸ் கதையிலும் இதே கோடுதான் பிரிக்கிறது. 1909-இல் பதினோரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்ததும், 1914-இல் பதினாறு வயதில் பட்டம் பெற்றதும் பல்கலைக்கழகப் பதிவில் நிற்கின்றன. நுண்ணறிவு எண் 250 முதல் 300 வரை என்பது அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1946-இல் வந்த ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பியது. அதற்குப் பின்னால் சோதனைத் தாள் எதுவும் இல்லை. ஒன்று பொய் என்பதற்காக மற்றது பொய்யாகிவிடாது.

ராமானுஜன் கதையைச் சொன்னவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேஷு ஐயர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியர், 1904-க்குப் பிறகே அவரை அறிந்தவர். ராமச்சந்திர ராவ் முதலில் சந்தித்தது 1910 இறுதியில். நான்காம் பாரத்துப் பையனை இருவரும் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. தினமும் பக்கத்தில் இருந்த ஹார்டி, கொஞ்சம் குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் இந்தத் தெளிவின்மை பெரும்பாலும் நீங்கியிருக்கும், கேட்காதது என் குற்றம்தான் என்று பின்னால் வருந்தினார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

காவிரிக்கரை:

குற்றம் சொல்ல வேண்டாம். உடல் நலமில்லாதவரிடம் போய் நான்காம் பாரமா, ஐந்தாம் பாரமா என்று எப்படிக் கேட்பது?

கூரைக் கதையை மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை. வயது மாறட்டும், வரிசை மாறட்டும். தான் கண்டது பழையது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுத் தாளை ஒளித்துவைக்கும் பையனை யாரும் இட்டுக்கட்டியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கதை கட்டுபவர் அவனை ஊர் முன்னால் நிறுத்திக் கைதட்டல்தான் வாங்கிக் கொடுப்பார்.

சுழியம்:

எனக்கும் அப்படித்தான் படுகிறது. நிரூபிக்க வழி இல்லை.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. வசனத்தை மாற்றி எழுதிவிட்டேன். யாரும் வயதைச் சொல்வதில்லை, வகுப்பைச் சொல்கிறார்கள். மேடை ஓரத்தில் ஒரு பலகை, காட்சிக்குக் காட்சி "மூன்றாம் பாரம், 1900" என்று மாறும். ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் 1888-ஐக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். கழித்துவிட்டு, "அப்போது பூஜ்யம் கேட்டபோதுதான் என் வயதா?" என்றாள். அந்தக் கேள்வியை மேடையில் அவளே கேட்கிறாள்.

கூரைக் காட்சியை வைத்திருக்கிறேன். லோனி புத்தகத்தை அதற்கு முந்தைய காட்சியிலிருந்து எடுத்து, ஹார்டி சொன்ன வரிசைப்படி கூரைக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட்டேன். பலகையில் எந்தப் பாரம் என்று எழுதுவது? இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கார் என்பவர் எழுதிய, 6165 தேற்றங்கள் கொண்ட கணிதத் தொகுப்பை 1903-இல் ஒரு நண்பர் கும்பகோணம் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்கிறார்களே. நூலக இரவல் பதிவேட்டில் அது தேதியோடு ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காலத்துப் பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், பதிவேட்டு அறை ஐயா?

பதிவேட்டு அறை:

சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், அழிக்கக் கூடாது. இரவல் பதிவேடு அப்படி இல்லை. பக்கங்கள் தீர்ந்து, கணக்கு முடிந்துவிட்டால் பெரும்பாலும் பழைய தாளோடு போய்விடும். ஆனால் புத்தகம் நூலகத்துக்கு வந்த நாளைக் குறிக்கும் வரவுப் பதிவேடு வேறு, அதைப் பாதுகாத்து வைப்பது வழக்கம். 1903-க்கு முன்பே அந்தப் புத்தகம் அலமாரிக்கு வந்துவிட்டதா என்று அதில் பார்க்கலாம். கும்பகோணத்தில் இருப்பவர் யாராவது போய்க் கேட்க முடியுமா?

காவிரிக்கரை:

திங்கட்கிழமை போகிறேன். எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.